ட்ரிப்ஸ் சிகிச்சைக்காக வேலை நேரத்தை மாற்றக் கேட்கும் கடிதம்: நோயை விட்டுவிட்டுத் தேதியில் தொடங்குங்கள்

"கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலை 9 முதல் மாலை 6 வரை, சனிக்கிழமையும் வேலை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு மாத்திரை, ஸ்டீராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. 2026 ஜனவரி 9 வெள்ளிக்கிழமை முதல் இன்ஃப்ளிக்ஸிமாப் ட்ரிப்ஸ் ஏற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வருஷத்துக்கு 12 மெடிக்கல் லீவுதான். வேலை நேரத்தில் தளர்வு கேட்டு மேலாளருக்கு எப்படி எழுதுவது? நோயைப் பற்றி எவ்வளவு சொல்வது?"

கடிதத்தைக் கீழே எழுதித் தந்திருக்கிறேன். ஆனால் அதை அப்படியே நகலெடுப்பதற்கு முன்னால் ஒரு காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் பல வருஷம் ஆலைகளில் மனிதவளப் பிரிவில் இருந்தவன். என் தம்பிக்கும் பெருங்குடல் வீங்கிப் புண்ணாகும் இதே நோய், இதே மருந்து. இப்படிப்பட்ட கடிதங்களை வாங்கிப் படிக்கும் பக்கமும் தெரியும், எழுதும் பக்கமும் தெரியும். மேலாளர் மறுப்பது பெரும்பாலும் மனம் இல்லாமல் அல்ல. எதற்குச் சம்மதிக்கிறோம், எத்தனை நாளைக்கு, அந்த நேரத்தில் வேலையை யார் பார்ப்பார்கள் என்று கடிதத்தில் இல்லாததால்தான் "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிடுகிறார். நோயை எவ்வளவு விளக்கினாலும் இந்த மூன்றுக்கும் பதில் வராது. மருந்தின் கால அட்டவணையில் இருந்துதான் வரும்.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். உங்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை முடிந்ததா? இந்த மருந்து தொடங்கும் முன் மார்பு எக்ஸ்ரேயும், மேன்டூ ஊசி அல்லது அதற்கு இணையான ரத்தப் பரிசோதனையும், ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையும் செய்வார்கள். உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமியை இன்ஃப்ளிக்ஸிமாப் எழுப்பிவிடக்கூடும் என்பதால் நம் ஊரில் இதை விடவே மாட்டார்கள். அதில் ஏதாவது தெரிந்தால் தடுப்பு மாத்திரை கொடுத்து, பெரும்பாலும் ஒரு மாதமாவது கழித்துத்தான் முதல் ட்ரிப்ஸ் ஏற்றுவார்கள். கடிதம் கொடுத்து, அனுமதி வாங்கி, அப்புறம் எல்லாத் தேதியும் தள்ளிப்போனால் இரண்டாம் முறை கேட்பது சங்கடம். முடிவுகள் கைக்கு வந்தபிறகு கடிதத்தைக் கொடுங்கள்.

இப்போது காலண்டர். இன்ஃப்ளிக்ஸிமாப் முதல் நாள், பிறகு இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், அதன்பின் எட்டு வாரத்துக்கு ஒருமுறை. ஜனவரி 9-இல் தொடங்கினால் அடுத்தவை ஜனவரி 23, பிப்ரவரி 20, ஏப்ரல் 17, ஜூன் 12, ஆகஸ்ட் 7, அக்டோபர் 2, நவம்பர் 27. எல்லாமே வெள்ளி. கணக்குப் பிரிவுக்காரர் என்பதால் பிப்ரவரி 20-ஐப் பார்த்ததும் உங்களுக்கே உறுத்தியிருக்கும். அன்றுதான் ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி, பல மருத்துவமனைகளில் டே கேர் இருக்காது. இதோடு, ட்ரிப்ஸுக்கு மறுநாள் பலருக்கு உடம்பு அடித்துப்போட்டது மாதிரி இருக்கும். உங்களுக்கு மறுநாள் சனிக்கிழமை, வேலை நாள்.

ஆகவே மேலாளரிடம் எதையும் கேட்கும் முன், மருத்துவமனையில் ஒன்று கேளுங்கள்: வெள்ளிக்குப் பதிலாகச் சனிக்கிழமை ஏற்ற முடியுமா? ஒரே ஒரு நாள் தள்ளினால் ஜனவரி 10, ஜனவரி 24, பிப்ரவரி 21, ஏப்ரல் 18, ஜூன் 13, ஆகஸ்ட் 8, அக்டோபர் 3, நவம்பர் 28 என்று வரும். பிப்ரவரி 20 இடிக்காது, காந்தி ஜெயந்தியும் இடிக்காது, மறுநாள் ஞாயிறு ஓய்வுக்குக் கிடைக்கும். தொடங்கும் தேதியையே ஒரு நாள் மாற்றுவதால் இடைவெளிகள் கெடுவதில்லை. ஆனால் நடுவில் ஏதாவது ஒரு தேதியை மட்டும் வேலைக்காகத் தள்ளுவது வேறு விஷயம். முதல் மூன்று டோஸ்களில் அதை டாக்டரைக் கேட்காமல் செய்யவே கூடாது. சனிக்கிழமைக்கு ஒரு குறை உண்டு. வீட்டுக்கு வந்தபின் அரிப்போ, மூச்சுத் திணறலோ, காய்ச்சலோ வந்தால் மறுநாள் உங்கள் டாக்டர் இருக்கமாட்டார். எந்த எண்ணுக்கு அழைப்பது, எந்த அவசரப் பிரிவுக்குப் போவது என்று டே கேர் நர்ஸிடம் முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலில் இன்னொரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. பிப்ரவரி 21-க்குப் பிறகு ஏப்ரல் 18 வரை ட்ரிப்ஸே இல்லை. அதாவது மார்ச் 31 ஆண்டு இறுதிக் கணக்கு முடிக்கும் காலம் முழுக்க நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் மேலாளரின் மனதில் முதலில் எழும் பயம் மார்ச் மாதமாகத்தான் இருக்கும். அதைக் கடிதத்தில் நீங்களே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, நீங்கள் கேட்பது உண்மையில் ஒன்றல்ல, மூன்று. ட்ரிப்ஸ் நாள் என்பது முன்கூட்டியே தெரிந்த முழு நாள். காலையில் தாமதமாக வருவது தினசரி விஷயம், ஆனால் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். மூன்றாவது, திடீரென்று நோய் மோசமாகும் நாள். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மூன்றையும் "தளர்வு" என்ற ஒரே சொல்லில் போட்டால், மேலாளருக்கு இவர் எப்போது வேண்டுமானாலும் வருவார், போவார் என்று கேட்கும். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் சின்னதாகத் தெரியும்.

ட்ரிப்ஸ் நாளைப் பற்றி முதல்முறை போகிறவர்கள் குறைத்து மதிப்பிடுவார்கள். "ரெண்டு மணி நேரம்தானே, மதியம் ஆபீஸ் வந்துவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிடுவார்கள். மருந்து ஏறுவதற்குத்தான் குறைந்தது இரண்டு மணி நேரம். காலை 9 மணிக்குப் போனால் எடை பார்ப்பார்கள், ஏனென்றால் டோஸ் எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் 58 கிலோ என்றால் 290 மில்லிகிராம், 100 மில்லிகிராம் குப்பி மூன்று. காய்ச்சல், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். இருமலோ காய்ச்சலோ இருந்தால் அன்றைக்கு ஏற்றாமல் திருப்பி அனுப்பவும் செய்வார்கள். விலை உயர்ந்த மருந்து, கரைத்துவிட்டால் வைத்திருக்க முடியாது. அதனால் நீங்கள் வந்து, எல்லாம் சரி என்று தெரிந்தபிறகுதான் பார்மசியில் கரைக்கவே தொடங்குவார்கள். அதற்குள் கையில் கேனுலா குத்தி, பல இடங்களில் அலர்ஜிக்கு ஒரு ஊசியும் போட்டுவிடுவார்கள். அந்த ஊசிதான் தூக்கத்தைத் தள்ளும். மருந்து ஏறி முடிந்தபின் ஆரம்ப டோஸ்களுக்கு இன்னும் ஒன்று, இரண்டு மணி நேரம் உட்கார வைத்துக் கவனிப்பார்கள். நடுவில் நடுக்கமோ, நெஞ்சு இறுக்கமோ வந்தால் வேகத்தைக் குறைப்பார்கள், நேரம் இன்னும் நீளும். வெளியே வர மூன்று மணி ஆவது சாதாரணம். தூக்கக் கலக்கத்தில் ஸ்கூட்டர் ஓட்டி வந்து வவுச்சர் சரிபார்ப்பதெல்லாம் வேண்டாம். முழு நாள் லீவு என்றே எழுதுங்கள். உடம்பு ஒத்துக்கொண்டு, நேரமும் குறைந்தால் ஏப்ரலுக்குப் பிறகு அரை நாளாக மாற்றிக்கொள்ளலாம்.

லீவுக் கணக்கையும் போடுங்கள். 2026-இல் மொத்தம் எட்டு ட்ரிப்ஸ். எட்டும் முழு நாளானால் 12-இல் நான்குதான் மிச்சம். கொலனோஸ்கோபி செய்து பார்க்கச் சொன்னால் அதற்கும், முந்தைய நாள் வயிற்றைக் கழுவும் மருந்துக்கும் சேர்த்து இரண்டு போய்விடும். அப்புறம் ஒரு வைரஸ் காய்ச்சல் வந்தால் கை வெறுமை. ஆகவே ட்ரிப்ஸ் நாட்களில் சிலவற்றையாவது வேறொரு நாள் கூடுதல் நேரம் இருந்து ஈடுகட்ட அனுமதி கேளுங்கள். கணக்குப் பிரிவில் ஆண்டு இறுதியிலும் ஆடிட் சமயத்திலும் ஞாயிற்றுக்கிழமை வேலை வருவதுண்டு. அதற்குப் பதில் விடுப்பாக ட்ரிப்ஸ் நாளை எடுத்துக்கொள்வது நியாயமான பேரம். எல்லா நாளையும் அப்படிக் கேட்காதீர்கள், மூன்று நாள் போதும்.

காலை நேரம்தான் இந்த நோயில் சிக்கலான பகுதி. தூங்கி எழுந்ததும், காலைச் சாப்பாடு உள்ளே போனதும் குடல் சுருங்கத் தொடங்கும். எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் கடைசிக் குடலும் மலக்குடலும் வீங்கிப் புண்ணாக இருப்பவருக்கு அது அடக்க முடியாத அவசரமாக வரும். போய்விட்டு வந்து பத்து நிமிஷத்தில் மறுபடியும் வரும். இரண்டு, மூன்று முறை போனபிறகு பத்து, பத்தரை வாக்கில் பலருக்கு அடங்கும். ஆபீஸில் உட்கார்ந்துவிட்டால் பிரச்சினை இல்லை, கழிப்பறை அங்கேயே இருக்கிறது. அவிநாசி சாலை நெரிசலில் பஸ்ஸுக்குள் முக்கால் மணி நேரம் இருப்பதுதான் பிரச்சினை. நோய் தீவிரமாக இருக்கும்போது பலர் அந்தப் பயத்திலேயே காலையில் பட்டினியாகக் கிளம்புகிறார்கள்.

எனவே 9 முதல் 6 என்பதை 10.30 முதல் 7.30 என்று மாற்றக் கேளுங்கள். மொத்த நேரம் குறையவில்லை, அதைத் தெளிவாக எழுதுங்கள். எத்தனை நாளைக்கு? இங்கேதான் மருந்தின் அட்டவணை மறுபடி உதவுகிறது. இன்ஃப்ளிக்ஸிமாப் வேலை செய்கிறதா என்பது பதினான்காம் வாரத்துக்குள், அதாவது நான்காவது ட்ரிப்ஸ் வாக்கில் பெரும்பாலும் தெரிந்துவிடும். சிலருக்கு முதல் ட்ரிப்ஸ் போட்ட சில வாரங்களிலேயே காலை ஓட்டம் குறையும். அதனால் "ஏப்ரல் 18 வரை, அப்புறம் நிலைமையைப் பார்த்துப் பேசலாம்" என்று எழுதுங்கள். முடிவு தேதி உள்ள கோரிக்கைக்கு மேலாளர் தன் மேலதிகாரியிடம் போகாமலே சம்மதிக்க முடியும். "சரியாகும் வரை" என்று எழுதினால் அவர் நிச்சயம் மேலே கேட்டாக வேண்டும்.

பயோமெட்ரிக்கை மறந்துவிடாதீர்கள். மேலாளர் வாயால் சரி சொன்னாலும், விரல் வைக்கும் மெஷின் சரி சொல்லவில்லை என்றால் மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள். மூன்று லேட்டுக்கு அரை நாள் என்று பல கம்பெனிகளில் தானாகவே வெட்டிவிடும். மாதத்துக்கு இரண்டு பெர்மிஷன் என்ற விதியும் உங்கள் விஷயத்தில் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோகும். ஷிப்ட் நேரத்தையே அந்தக் காலத்துக்கு மாற்றிப் பதிவு செய்யச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கடிதத்தில் பலரும் விட்டுவிடுகிற வரி இதுதான். மாதச் சம்பளத்தில் அடிபடுவதும் இதனால்தான்.

நோயை எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். என் கருத்து: மேலாளருக்கு "பெருங்குடலில் நாள்பட்ட அழற்சி, தொற்றாது" என்பது போதும். எத்தனை முறை போகிறேன், ரத்தம் போகிறதா என்பதெல்லாம் எழுத்தில் வேண்டாம். கடிதம் கோப்பில் இருக்கும், நாளைக்கு யார் யார் கையிலோ போகும். "தொற்றாது" என்ற ஒரு சொல்லை மட்டும் கட்டாயம் போடுங்கள், கழிப்பறையைப் பொதுவில் பயன்படுத்தும் இடத்தில் அது தேவையில்லாத பேச்சைத் தடுக்கும். கம்பெனியின் குழுக் காப்பீட்டில் சிகிச்சை எடுக்கப்போகிறீர்கள் என்றால் நோயின் பெயர் எச்.ஆர். வரை போக வாய்ப்புண்டு என்பதையும் மனதில் வையுங்கள். 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தந்த நவீன சிகிச்சைப் பட்டியலில் மோனோக்ளோனல் ஆன்டிபாடி ஊசி இருக்கிறது, இன்ஃப்ளிக்ஸிமாப் அந்த வகை மருந்துதான். ஆனால் பாலிசியில் அதற்கு உச்சவரம்பு வைத்திருக்கலாம், முன் அனுமதி வரத் தாமதமானால் ட்ரிப்ஸ் தேதியும் நகரும். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் முன்னதாகவே மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் தாளைக் கொடுத்துவிடுவது நல்லது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்கள் பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன் சட்டங்களை வைத்து எழுதியவை. அங்கே இதை உரிமையாகக் கேட்க வழி இருக்கிறது. இங்கே 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள 21 வகைகளில் இந்த நோய் இல்லை. ஆகவே "எனக்கு உரிமை உண்டு" என்ற தொனியை அந்தக் கடிதங்களில் இருந்து எடுத்து வந்தால், எச்.ஆர். சட்டப் பிரிவைக் கேட்பார், நீங்கள் நிற்க இடம் இருக்காது. இது வேண்டுகோள்தான். ஆனால் கெஞ்ச வேண்டியதும் இல்லை, வேலை எப்படி நடக்கும் என்பதைக் காட்டும் வேண்டுகோள்.

டாக்டரிடம் சான்றிதழ் கேட்கும்போது "ஓய்வு தேவை" என்று எழுதிவிடப் போகிறார், கவனம். அந்த இரண்டு சொல்லைப் பார்த்தால் எச்.ஆர். உங்களை லீவில் போகச் சொல்லும். நாள்பட்ட குடல் அழற்சி, தொற்று நோயல்ல. இன்ன தேதிகளில் பகல்நேர சிகிச்சை. ஏப்ரல் 18 வரை காலை தாமதமாகத் தொடங்குவது நல்லது. முழுநேர வேலை செய்யத் தகுதியானவர். இந்த நான்கும் இருந்தால் போதும். கடைசியில் உள்ளதுதான் முக்கியம்.

இனி கடிதம். பிரிவில் உங்கள் இடத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரிடம் முன்னாலேயே பேசிச் சம்மதம் வாங்கிவிட்டு அவர் பெயரை எழுதுங்கள். கேட்காமல் எழுதினால் அவரே முதல் எதிரியாவார்.

பொருள்: சிகிச்சைக் காலத்தில் வேலை நேர மாற்றம் வேண்டுதல் (10.01.2026 முதல் 18.04.2026 வரை)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்குப் பெருங்குடலில் நாள்பட்ட அழற்சி நோய் இருக்கிறது. இது தொற்று நோயல்ல. இதற்காக வரும் ஜனவரி 10 முதல் மருத்துவமனையில் பகல்நேர ட்ரிப்ஸ் சிகிச்சை தொடங்குகிறது. மருத்துவர் சான்றிதழை இணைத்திருக்கிறேன். சிகிச்சைக் காலத்திலும் முழுநேரம் வேலை செய்யலாம் என்று அதில் குறிப்பிட்டிருக்கிறார். அதற்காகத் தங்களிடம் மூன்று அனுமதி கேட்கிறேன்.

முதலாவது, சிகிச்சை நாட்கள். ஜனவரி 10, ஜனவரி 24, பிப்ரவரி 21, ஏப்ரல் 18 ஆகிய சனிக்கிழமைகளில் முழு நாள் விடுப்பு வேண்டும். இதன்பின் எட்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வரும், அந்தத் தேதிகளை இரண்டு வாரம் முன்னதாகத் தெரிவிக்கிறேன். இந்த ஆண்டின் சிகிச்சை நாட்களில் மூன்றை மட்டும், ஆண்டு இறுதியிலோ ஆடிட் சமயத்திலோ ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ததற்கான பதில் விடுப்பாக எடுத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டுகிறேன். மற்றவை மருத்துவ விடுப்பில் போகட்டும். ஜி.எஸ்.டி. தாக்கல் தேதிகளான 11, 20 எதுவும் இந்த நாட்களில் விழவில்லை. மார்ச் மாதத்தில் சிகிச்சையே இல்லை, ஆண்டு இறுதிக் கணக்கு முடிக்கும் வேலையில் முழுமையாக இருப்பேன்.

இரண்டாவது, ஏப்ரல் 18 வரை என் வேலை நேரத்தைக் காலை 10.30 முதல் மாலை 7.30 வரை மாற்றித் தர வேண்டுகிறேன். மொத்த வேலை நேரம் குறையாது. காலை 10.30-க்கு முன் வரும் வங்கி, சப்ளையர் அழைப்புகளைத் திரு. ... பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். மாலை 6 மணிக்கு மேல் வரும் டெஸ்பாட்ச் பில்களை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த நேர மாற்றத்தைப் பயோமெட்ரிக் பதிவிலும் செய்யுமாறு எச்.ஆர். பிரிவுக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது, இடையில் எப்போதாவது உடல்நிலை காரணமாக வர முடியாமல் போகலாம். அப்படியான நாளில் காலை 8 மணிக்குள் தங்களுக்குத் தகவல் தருவேன். அன்று செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் முந்தைய மாலையே திரு. ... அவர்களிடம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

காய்ச்சல், சளி போன்ற காரணங்களால் மருத்துவமனை தேதியைத் தள்ளினால் உடனே தெரிவிப்பேன். ஏப்ரல் 18-க்குப் பின்வரும் வாரத்தில் நிலைமையைத் தங்களிடம் பேசி, இந்த ஏற்பாடு தொடர வேண்டுமா என்று முடிவு செய்யலாம். இந்த மருத்துவ விவரங்கள் தங்களுக்கும் எச்.ஆர். பிரிவுக்கும் மட்டும் தெரிந்திருந்தால் போதும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இவ்வளவுதான் கடிதம். டெஸ்பாட்ச் பில் பற்றிய வரியை நான் ஊகமாகப் போட்டிருக்கிறேன். பம்ப் கம்பெனிகளில் லாரி கிளம்புவது பெரும்பாலும் மாலைக்கு மேல்தான், பில் போட ஆள் இல்லாமல் நிற்கும். உங்கள் இடத்தில் மாலையில் எது தேங்குகிறதோ அதை அங்கே எழுதுங்கள். நீங்கள் 7.30 வரை இருப்பதால் மேலாளருக்கு என்ன லாபம் என்பது அந்த ஒரு வரியில்தான் தெரியும்.

கடிதத்தை மெயிலில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். நேரில் போய், "சார், ஒரு அஞ்சு நிமிஷம்" என்று உட்கார்ந்து, தேதிகளைச் சொல்லிவிட்டு, அப்புறம் மெயில் அனுப்புங்கள். நம் ஊர்க் கம்பெனிகளில் எழுத்தில் திடீரென்று வரும் எதையும் புகாராகப் பார்க்கும் பழக்கம் உண்டு. அவர் வாயால் சரி என்றால், அன்றைக்கே "நீங்கள் சொன்னபடி ஜனவரி 12 திங்கள் முதல் 10.30-க்கு வருகிறேன்" என்று ஒரு வரி மெயில் எச்.ஆரையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். பயோமெட்ரிக் மாறியதா என்று ஜனவரிச் சம்பளச் சீட்டு வந்ததும் பாருங்கள்.

முழுவதும் முடியாது என்று சொன்னால் எதை விட்டுக்கொடுப்பது? காலை நேரத்தில் பேரம் பேசலாம்: 10.30 இல்லாவிட்டால் 10 மணி, அல்லது வாரத்தில் மூன்று நாள் மட்டும். பதில் விடுப்பையும் விடலாம். ட்ரிப்ஸ் தேதிகளை மட்டும் விடவே கூடாது. இந்த மருந்தில் இடைவெளி நீண்டால் ரத்தத்தில் அளவு இறங்கிவிடும், உடம்பு மருந்துக்கே எதிர்ப்பொருள் உருவாக்கத் தொடங்கும். பிறகு மறுபடி ஏற்றும்போது அலர்ஜி வரும் வாய்ப்பும் கூடும், மருந்து வேலை செய்யாமல் போகும் வாய்ப்பும் கூடும். "இந்த ஒரு தடவை அடுத்த மாசம் போட்டுக்கோங்களேன்" என்று யாராவது அன்பாகவே சொன்னாலும், டாக்டர் தந்த தேதி என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, எட்டு வாரம் என்பது எல்லோருக்கும் நிலைத்து நிற்பதில்லை. சிலருக்கு ஏழாம் வாரத்திலேயே அவசரமும் வயிற்று வலியும் மெல்லத் திரும்பும். மருந்தின் பலன் அடுத்த டோஸ் வரை தாங்கவில்லை என்பதற்கு அது அடையாளம். அப்படித் தெரிந்தால் தேதி போட்டுக் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். டோஸைக் கூட்டுவார்கள், அல்லது இடைவெளியை ஆறு வாரம், நான்கு வாரம் என்று குறைப்பார்கள். இடைவெளி குறைந்தால் லீவுக் கணக்கு முழுக்க மாறிவிடும். கடிதத்தில் ஏப்ரல் மறு ஆய்வை எழுதியிருப்பது அதற்கும் சேர்த்துத்தான். அந்தப் பேச்சுக்குப் போகும்போது புதிய தேதிப் பட்டியலோடு போங்கள். காலைத் தொந்தரவு அடங்கியிருந்தால் 9 மணிக்கே திரும்பி வருகிறேன் என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டு, ட்ரிப்ஸ் நாட்களை மட்டும் கேளுங்கள்.